மணிக்கு எண்ணூறு ரூபாய்க்கு ஒரு கடைசி இராப்போஜனம்

எங்கள் பக்கத்தில் புதிதாக வீடு கட்டுகிற கிறிஸ்தவர்கள் யாராக இருந்தாலும், முன்கதவில் கர்த்தரும் பன்னிரண்டு சீடர்களும் மேசையில் உட்கார்ந்தே தீர வேண்டும். இந்து வீடு என்றால் கஜலட்சுமி, இரண்டு பக்கமும் துதிக்கை தூக்கிய யானைகள். வெள்ளறடை ரோட்டில் கதவுப் பட்டறை வைத்திருக்கும் என் அண்ணனுக்கு இரண்டும் ஒன்றுதான். கம்ப்யூட்டரில் படத்தைப் போட்டால் செதுக்கும் மெஷின் ஒன்று அங்கே உண்டு. தேக்குப் பலகையின் மேல் அதன் ஊசி முனை அங்குமிங்கும் நகர்ந்து, மயிரிழை மயிரிழையாகச் சுரண்டி, யூதாஸின் பணப்பையைக்கூட விடாமல் எடுத்துவிடும். சீடர்களுக்கும் யானைகளுக்கும் அது எடுத்துக்கொள்ளும் நேரம் முப்பது மணி. இந்த விஷயத்தில் மெஷினுக்குச் சாதி மத பேதம் கிடையாது.

நான் பாறசாலையில் ஒரு பாரலல் காலேஜில் காஸ்ட் அக்கவுண்டிங் எடுக்கிறேன். ரெகுலர் காலேஜில் இடம் கிடைக்காத பிள்ளைகள் வந்து படித்து, பரீட்சை மட்டும் யுனிவர்சிட்டியில் எழுதும் இடம். 'பற்றாக்குறையான மெஷின் நேரத்துக்குப் பொருள்களை வரிசைப்படுத்து' என்று பத்து மார்க்குக்கு ஒரு கேள்வி எப்படியும் வரும். வருஷா வருஷம் அந்தக் கணக்கை போர்டில் போட்டு, வருஷா வருஷம் அழித்தேன். நிஜமான ஒரு மெஷினோடு எனக்குச் சண்டை வரும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

அண்ணன் ஒரு சாயங்காலம் நானும் கணவரும் குடியிருந்த வாடகை வீட்டுக்கு வந்தான். தேங்காய் பன் ஒரு பொதி கையில் இருந்தது. அவன் பலகாரத்தோடு வந்தால் ஏதோ காரியம் இருக்கிறது என்று அர்த்தம்.

"எட்டி, ஒரு ஒப்பு போட்டுத் தந்தா போதும்," என்றான். "காரோட்டுல அம்ம எழுதி வச்ச பதினாறு சென்ட வித்திருவோம். இன்னொரு மெஷின் எடுக்கணும். ஆறு மாசத்துக்கு ஆர்டர் கெடக்கு, மெஷின் ஒண்ணேதான் உண்டு. ஆளுகள் போனு விளிச்சு வாயில வந்ததெல்லாம் சொல்லுதாவ."

காரோடு ஊரில் அந்தப் பதினாறு சென்ட் நிலம் எங்கள் இரண்டு பேர் பேரிலும் பாகம் பிரிக்காமல் கிடந்தது. அதில் பாதியில் ஒரு வீடு கட்டி, வாடகைக்காரி என்ற பேரை மாற்றிவிடலாம் என்பதுதான் எனக்கிருந்த ஒரே ஆசை. மாடிப்படியில் செருப்பு விட்டால் கீழ் வீட்டுக்காரிக்கு ஆகாது, துணி காயப்போட்டால் ஆகாது. அந்தச் சொந்த மண்ணை ஒரு சுரண்டுகிற மெஷினுக்காக விற்பதா? எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"ஆறு மாசத்துக்கு ஆர்டர் கெடக்குன்னா கையில பைசா எங்க அண்ணா? போன வருஷம் இழைப்பு மெஷின் ஒண்ணு வாங்கினியே, அதுக்குப் பெறகும் எதுக்காக்கும் இந்தத் தாமசம்?"

"அது நல்ல ஸ்பீடாக்கும் ஓடுது. பலகை எல்லாம் இழைச்சு ரெடியா கெடக்கு."

"எங்க கெடக்கு?"

"செதுக்குற மெஷினுக்க முன்னால."

முடுக்குக்குள்ளே ஒரு வண்டிதான் போகும் என்றால், முடுக்குக்கு வெளியே ரோட்டை அகலப்படுத்தி என்ன பிரயோஜனம்? வண்டிகள் சீக்கிரம் வந்து நீளமாக நிற்கும், அவ்வளவுதான். அண்ணன் காசு கொடுத்து ரோட்டை அகலப்படுத்தியிருந்தான். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கணக்கை ஒரு தடவை பார்க்கிறேன் என்றேன். டீச்சர் பாடம் எடுக்க வருகிறாள் என்று அவன் சிரித்தான். தேங்காய் பன் என்னமோ நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை பட்டறைக்குப் போனேன். ஆசாரிமார் நாலைந்து பேர், மெஷினுக்கு ஒரு ஆப்பரேட்டர், சுவர் முழுக்கப் பலகை அடுக்கு. அண்ணனிடம் எந்தக் கதவில் லாபம் அதிகம் என்று கேட்டேன். கேட்கவே வேண்டாம் என்பது போலச் சீடர்களைக் காட்டினான். சரிதான். முன்கதவை அறுபதாயிரத்துக்கு விற்கிறான், தேக்கும் பித்தளையும் முப்பத்தாறு போக இருபத்துநாலாயிரம் நிற்கும். நடு ஹாலில் மறைப்புக்கு வைக்கும் ஓட்டை ஓட்டையான ஜாளிப் பலகையில் நாலாயிரம் நிற்கும். ஒரு பூவும் கொடியும் மட்டும் உள்ள அறைக்கதவில் வெறும் இரண்டாயிரத்து ஐந்நூறு. அண்ணனின் மரியாதையும் அந்த வரிசையில்தான். அறைக்கதவு கேட்டு வருகிறவனுக்கு அவன் டீ வாங்கிக் கொடுப்பதே இல்லை.

"இதுல கூலி கழிக்கல்லியே," என்றான்.

"கழிக்கப்பிடாது. நீ அறைக்கதவு செஞ்சாலும் யானை செஞ்சாலும் ஆசாரிமாருக்கு மாசச் சம்பளம் அதேதானே? வாடகையும் கரண்டும் அதேமாதிரிதான். மாறுகது பலகை வெல மட்டும். அத மட்டும் கழி, பெறகு மெஷின் நேரத்தால வகு."

வகுத்தோம். முன்கதவு முப்பது மணி நேரம்: மணிக்கு எண்ணூறு. ஜாளி இரண்டரை மணி: மணிக்கு ஆயிரத்து அறுநூறு. டீகூடக் கிடைக்காத அறைக்கதவு ஒரே மணி நேரம்: மணிக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு. வரிசை அப்படியே தலைகீழ். பிறகு கூலி, வாடகை, கரண்டு, இன்ஷூரன்ஸ் என்று மாதச் செலவு முழுவதையும் கூட்டி, மெஷின் ஓடும் நேரத்தால் வகுத்தேன். பட்டறையைத் திறந்து வைத்திருக்கவே மெஷின் மணி ஒன்றுக்கு ஆயிரம் ரூபாய் ஆகிறது. அதாவது கர்த்தருடைய கடைசி இராப்போஜனம் மணிக்கு எண்ணூறு கொண்டுவந்து ஆயிரத்தைத் தின்றுகொண்டிருந்தது.

"யூதாஸுக்காவது முப்பது காசு கெடச்சுது," என்றேன். "ஒனக்கு முப்பது மணிக்கூர் போய், மணிக்கு இருநூறு நஷ்டம்."

அண்ணன் சபையில் கமிட்டி மெம்பர். இந்தப் பேச்சு அவனுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் முகத்தில் வேறு ஏதோ ஓடியது. இத்தனை வருஷம் தலையில் வைத்து ஆடிய கதவு தன்னையே தின்றிருக்கிறது என்றால் யாருக்கும் வயிறு எரியத்தானே செய்யும்.

அன்றைக்கே இன்னொன்றும் பார்த்தேன். ஆப்பரேட்டர் சாப்பிடப் போனால் மெஷின் நிற்கிறது. பலகை ஒட்டிய பசை காயவில்லை என்றால் நிற்கிறது. ஊசி முனை தேய்ந்தால் புதியது வாங்க நெய்யாற்றின்கரைக்கு ஆள் போய் வரும்வரை நிற்கிறது. ஆறு மாத ஆர்டருக்கு அழுகிறவன் வீட்டு மெஷின் பகலில் இரண்டு மணி நேரம் வெயில் காய்கிறது! காய்ந்த பலகை இரண்டு எப்போதும் மெஷினுக்கு முன்னால் காத்துக் கிடக்கட்டும், மெஷின் எதற்கும் காத்துக் கிடக்கக்கூடாது என்றேன். ஊசி முனை ஒரு டப்பா வாங்கி வை என்றேன். சாப்பாட்டுக்கு ஆள் மாற்றி விடு என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். அந்த உற்சாகத்தில், ஞாயிற்றுக்கிழமையும் ஓட்டினால் என்ன என்று கேட்டுவிட்டேன்.

"அது நடக்காது," என்றான். "கர்த்தருக்க நாளாக்கும். மெஷினுக்கும் சேத்துத்தான் ஓய்வு."

"மாசத்துக்கு நாலு நாளு அண்ணா."

"நாலாயிரம் நாளானாலும் ஞாயிற்றுக்கிழமைய வகுக்கச் சொல்லாதே பிள்ளே."

ஞாயிற்றுக்கிழமையைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டேன்.

அந்த மாதத்திலிருந்து முன்கதவுக்குப் புது ஆர்டர் எடுப்பதில்லை, இன்னும் தொடங்காத முன்கதவுகளுக்கு அச்சாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. வரிசையில் முதலில் அறைக்கதவு, பிறகு ஜாளி. முதல் மாதம் ஜோராகப் போயிற்று. நெய்யாற்றின்கரையில் ஒரு லாட்ஜுக்கு அறைக்கதவுகள் போயின. கையில் பணம் நின்றது. அண்ணன் இன்னொரு மெஷின் பேச்சை எடுக்கவில்லை. நான் வகுப்பில் அந்தப் பத்து மார்க் கேள்வியை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கர்வமாக நடத்தினேன். பிள்ளைகளுக்கு அது ஒன்றும் புரிந்திருக்காது.

அப்புறம் மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் ஒரு அக்கா, லீவில் வந்தவர், பெருங்கடவிளையில் வீடு கட்டிக்கொண்டிருந்தவர், பட்டறையில் வந்து நின்றார். முன்கதவு செய்யவில்லை, மற்ற கதவுகளை எல்லாம் பத்தே நாளில் தருகிறோம் என்று அண்ணன் நான் சொல்லிக்கொடுத்தபடி சொன்னான். அந்த அக்கா மலையாளமும் தமிழும் கலந்து ஒரு பிடி பிடித்தார்.

"முன்வாசல் நிலைக்கு அச்சாரம் வாங்காத்தவனுக்கு உள்ளே உள்ள கதவ ஆரு குடுப்பா? நிலை வைக்கும்போ ஐயர் வந்து ஜெபிச்சு, அந்த ஆசாரிக்குத்தானே வேட்டி குடுக்கது? அறைக்கதவுக்கு வேற ஆளுன்னா வீட்டுக்கு ரெண்டு கையில்லா? கேக்கியவன் சிரிப்பான். பணம் உள்ளவியளுக்குக் கதவு செய்ய எத்தனையோ கடை உண்டும்!"

போய்விட்டார். அவரோடு ஏழு கதவு, ஜாளி, வீட்டு ஜன்னல் முழுக்கப் போயிற்று. இது எனக்குத் தெரியாத வழக்கமா? எங்கள் குடும்பத்தில் எத்தனை நிலை வைப்பு பார்த்திருக்கிறேன்! கட்டடத்தில் முதலில் நிற்பது முன்வாசல் நிலைதான். அதை நிறுத்திய கையே வீட்டுக்குக் கடைசித் தாழ்ப்பாள் வரை போடும். இந்துக்கள் முகூர்த்தம் பார்ப்பார்கள், நாங்கள் ஐயரை, அதாவது சபைப் போதகரை, வைத்து ஜெபம் பண்ணுவோம். மற்றபடி கை மாறக்கூடாது என்பது இரண்டு பக்கமும் ஒன்றுதான். தெரிந்தும், கணக்குப் போடும்போது மட்டும் நான் யுனிவர்சிட்டி கேள்வித்தாளுக்குள் போய்விட்டேன். கேள்வித்தாளில் 'அ' என்ற பொருளும் 'ஆ' என்ற பொருளும் தனித்தனியாக விலை போகும். வெள்ளறடை ரோட்டில் போகாது.

ஒன்றன்பின் ஒன்றாக வீட்டு ஆர்டர்கள் விலகின. இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் பட்டறைக்குப் போனால் மெஷின் சும்மா நிற்கிறது. இந்த முறை பசைக்கோ ஊசிக்கோ இல்லை, ஆர்டர் இல்லாமல் நிற்கிறது. முடுக்கு இப்போது மெஷினில் இல்லை, வாசலுக்கு வெளியே போய்விட்டது. காத்திருக்கச் சொன்ன இரண்டு பலகை மட்டும் நான் சொன்னபடி மரியாதையாகக் காத்திருந்தன.

"டீச்சர் வந்தாச்சு," என்றான் அண்ணன். "மெஷின் ஒண்ணு கூடுதலாக்கும் இப்ப. விக்கட்டா? ஒனக்க நெலமும் வேண்டாம், எனக்க மெஷினும் வேண்டாம். ரெண்டு பேரும் பாரலல் காலேஜுக்குப் போயிருவோம்."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. கணக்கு தப்பில்லை அண்ணா, எதை எண்ணினோமோ அது தப்பு என்றேன். விற்பது கதவு இல்லை, வீடு. ஒரு வீட்டை ஒரு பொருளாக வைத்து வகுத்தால்தான் சரி. அங்கேயே உட்கார்ந்து வகுத்தேன். முன்கதவு இருபத்துநாலாயிரம், ஆறு அறைக்கதவு பதினைந்தாயிரம், இரண்டு ஜாளி எட்டாயிரம். ஜன்னல்களில் முப்பத்தைந்தாயிரம் நிற்கும். அவற்றுக்கு மெஷின் வேலையே கிடையாது, ஆசாரிமார் கையால் செய்வது. மொத்தம் எண்பத்திரண்டாயிரம். மெஷின் நேரம் முப்பதும் ஆறும் ஐந்தும் நாற்பத்தொன்று. மணிக்கு இரண்டாயிரம்! செலவைப் போல இரண்டு மடங்கு.

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான்.

"அப்பம் சீடன்மாரு நஷ்டமில்லியா?"

"தனியா வந்தா நஷ்டம். பழைய வீட்டுக்கு முன்கதவு மட்டும் மாத்தணும்னு வாறவன இப்பவும் வேண்டாம்னு சொல்லு. வீட்டோட வந்தா உள்ளே விடு. லாட்ஜுக்கு மொத்தமா அறைக்கதவு கேட்டு வந்தா அதுதான் முதல். ஆனா அது எப்பவாச்சும் ஒண்ணாக்கும். வரிசையில ரெண்டாவது, முழு வீடு. கடைக்காரனுவ சில்லறையா கேக்குற ஜாளி, நேரம் மிச்சம் இருந்தா மட்டும்."

நர்ஸ் அக்காவிடம் அவனே போய் மன்னிப்புக் கேட்டு, வேட்டியும் வாங்கிக்கொண்டு வந்தான். மெஷின் மறுபடி நிறைந்தது. சாப்பாட்டு நேரத்திலும் நிற்காமல் ஓடியதால் வரிசை பழையபடி ஆறு மாதத்துக்கு நீளவில்லை, ஒரு மாதத்தோடு நின்றது. இரண்டாவது மெஷின் என்ற வார்த்தையே பட்டறையில் செத்துப்போயிற்று. அடுத்த வருஷம் காரோட்டு நிலத்தைப் பாகம் வைத்தோம், எனக்கு எட்டு சென்ட், அவனுக்கு எட்டு. ரெஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் சர்பத் வாங்கிக்கொடுத்து, "ஒனக்க வகுத்தல் ஒரு நல்ல வகுத்தலாக்கும்," என்றான்.

அந்த எட்டு சென்டில் என் வீட்டுப் பணி தொடங்கியது. முன்வாசல் நிலை வைக்க அண்ணன்தான் வந்தான், வேறு யார் வருவார்கள்? ஐயர் ஜெபித்தார். வேட்டியை நான் கொடுத்தபோது வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். சீடர்கள் உன் கதவில் தேக்கில் வருவார்கள், பலகை விலைகூட வேண்டாம், அடுத்த வாரமே மெஷினில் ஏற்றுகிறேன் என்றான்.

"பலகை வெல நான் தாறேன். லாபம்?"

"தங்கச்சிட்ட லாபம் வாங்கியவன் நம்ம வம்சத்துல உண்டா?"

அப்படியானால் மணிக்கு எத்தனை? சைபர். வரிசையில் என் வீடு எங்கே? எல்லாருக்கும் பின்னால். நான் என்ன, வாயை மூடிக்கொண்டு கதவை வாங்கியிருக்கலாம். என் சுபாவம் விடவில்லை. அந்த முப்பது மணி நேரத்தை எனக்குத் தந்தால், தேதி சொல்லிக் காத்திருக்கும் வீட்டுக்காரர்களிடமிருந்து பிடுங்கித்தான் தர வேண்டும். மணிக்கு இரண்டாயிரம் வைத்து அறுபதாயிரம் ரூபாய். பலகை இனாமாக இருந்தால் கதவு இனாமாகிவிடாது அண்ணா, நேரம்தான் விலை என்று அவனுக்கே பாடம் எடுத்தேன். ஆசாரிமாருக்கு நேரம் மிச்சம் கிடக்கிறது. நிலத்தில் நின்ற அயனி மரத்தை அறுத்தாயிற்று. அதில் வெறும் பலகைக் கதவு போடு. மெஷினைத் தொடாத கதவுக்கு வரிசையே இல்லை, நாளைக்கே செய்யலாம்.

"வெறும் பலகையா? முன்வாசலுக்கா?"

"ஆமா."

அவன் பைக்கை எடுத்துக்கொண்டு போனான். அயனிக் கதவு பத்தே நாளில் வந்தது. ஆசாரிமார் நன்றாகத்தான் செய்திருந்தார்கள். கோழிக்கூட்டுக் கதவு கொஞ்சம் பெரிதானது மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

பால் காய்ச்சிய அன்று சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக முன்வாசலில் நின்று கதவைத் தடவிப் பார்த்தார்கள். 'அண்ணனும் தங்கச்சியும் பேச்சு இல்லியா?' என்று என் கணவரிடம் இரண்டு பேர் ரகசியமாகக் கேட்டார்கள். கதவுக்காரன் தங்கை வீட்டுக்கு மொட்டைக் கதவு! அண்ணன் அன்று அடுக்களை வாசல் வழியாக வந்தான். பந்தி விசாரித்தான், பாயசம் விளம்பினான், அதே வழியாகப் போனான். அதற்குப் பிறகும் எப்போது வந்தாலும் கிணற்றுப் பக்கமாகச் சுற்றி அடுக்களை வழியாகத்தான். முன்னால் வா அண்ணா என்றால், "செருப்புல சேறு," என்பான். மார்ச் மாதத்தில் காரோட்டில் ஏது சேறு?

கணக்கு சரியாகத்தான் இருந்தது. எங்கே தப்பு என்று பல நாள் தேடினேன், கிடைக்கவில்லை. முன்கதவைத் திறக்கும்போதெல்லாம் எனக்கே என் மேல் எரிச்சல் வந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டம் முடிந்து வரும்போது ஐயரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஐயருடைய மனைவி, யாருக்குச் சளி பிடித்தாலும் அவருக்குத் தெரியும்.

"அண்ணனுக்கு சுகமில்லியா மக்கா? மூணு ஞாயிறா ஆராதனைக்குக் காணல்ல. கமிட்டிக்காரர் இல்லியா, ஐயர் கேட்டாரு. காய்ச்சல்னு சொல்லிவிட்டாராம்."

காய்ச்சலா? வெள்ளிக்கிழமைதானே என் அடுக்களையில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் ஒரு வெட்டு வெட்டிவிட்டுப் போனான்! மூன்று ஞாயிறு. ஒரு ஞாயிறுக்குப் பத்து மணி நேரம். வாத்திச்சி மூளை, நடுரோட்டிலேயே பெருக்கிவிட்டது. முப்பது மணி, சீடர்களின் கணக்கு. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே நின்றேன். ஐயரம்மா பயந்துபோய், அப்படி ஒன்றும் பெரிய காய்ச்சலாக இருக்காது என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

சனிக்கிழமை வண்டியில் கதவு வந்தது. ஆசாரிமார் மொட்டைக் கதவைக் கழற்றி அடுக்களைக்கு மாற்றிவிட்டுச் சீடர்களை முன்வாசலில் ஏற்றினார்கள். அண்ணன் கீல் முடுக்கும் வரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஞாயிற்றுக்கிழமைக்கு ஒனக்க கணக்குல வெல இல்லியே," என்றான் கடைசியில், திருப்புளியைத் துடைத்துக்கொண்டே. "ஆருக்க நேரத்தயும் பிடுங்கல்ல."

"ஒனக்க கணக்குல?"

"அத நான் கர்த்தர்ட்ட சொல்லிக்கிடுதேன். நீ அதுல வகுக்க வராதே."

பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, முன்வாசல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்து சாயா கேட்டான்.